ஐம்பதாயிரம் கூடியது சரி, எங்கிருந்து கூடியது?

2022 ஏப்ரல் 19 அன்று நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. உலகம் முழுக்கச் சுமார் 22 கோடி சந்தாதாரர்கள் இருந்த அந்த நிறுவனம், முந்தைய மூன்று மாதங்களில் 2 லட்சம் பேரை இழந்திருந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஏறிக்கொண்டே இருந்த எண்ணிக்கை முதல்முறையாக இறங்கியது. மறுநாள் பங்கு விலை சுமார் 35 சதவீதம் சரிந்தது.

அந்த 2 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு விவரம் தெரியும். உக்ரைன் போரை ஒட்டி நெட்ஃப்ளிக்ஸ் ரஷ்யாவில் தன் சேவையை நிறுத்தியிருந்தது. அதனால் மட்டும் போனவர்கள் 7 லட்சம் பேர். அதை ஒதுக்கிவிட்டால் மற்ற நாடுகளில் சேர்த்து 5 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். அந்த 5 லட்சமும் நிறுவனம் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஆனால் தானே மூடிவிட்ட ஒரு சந்தையால் வந்த இழப்பும், மற்ற சந்தைகளில் வளர்ச்சி மந்தமானதும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் வேறு. கூட்டிக் கழித்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எது எந்த நோய் என்று சொல்ல முடியாது.

மாதச் சந்தாவை நம்பி நடக்கும் எல்லாத் தொழில்களிலும் இதே சிக்கல் உண்டு. தெருவில் கேபிள் டிவிக்குப் பணம் வசூலிப்பவரில் தொடங்கி, கணக்கு எழுதும் மென்பொருளை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் நிறுவனம் வரை, ஒவ்வொரு மாதமும் தானாகத் திரும்பி வரும் தொகை ஒன்று இருக்கிறது. மென்பொருள் தொழிலில் அதை எம்.ஆர்.ஆர். என்கிறார்கள், மாதாந்திரத் தொடர் வருவாய். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் இடையில் அது எவ்வளவு மாறியது என்பதை நான்காகப் பிரித்து, படிப்படியாக ஏறி இறங்கும் பட்டைகளாக வரைந்தால் அதற்கு வாட்டர்ஃபால் சார்ட் என்று பெயர். முதலீட்டாளர் கூட்டங்களில் பெரும்பாலும் முதலில் திறக்கப்படும் பக்கம் அதுதான்.

நான்கு பிரிவுகளும் எளிமையானவை. இந்த மாதம் புதிதாக வந்த வாடிக்கையாளர் தரும் தொகை புதிய வருவாய். ஏற்கெனவே இருப்பவர் கூடுதலாக வாங்கினால் அந்தக் கூடுதல் மட்டும் விரிவு. இருப்பவர் தன் சந்தாவைக் குறைத்துக்கொண்டால் குறைந்த அளவு சுருக்கம். ஒருவர் முழுக்க விட்டுப் போனால் அவர் தந்துகொண்டிருந்த மொத்தமும் இழப்பு. அதைத்தான் அலுவலகங்களில் சர்ன் என்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். மருந்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை மாதச் சந்தாவுக்குத் தரும் ஒரு நிறுவனம் மதுரையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கணினிக்கு மாதம் ₹1,000. ஏப்ரல் மாத முடிவில் அதன் தொடர் வருவாய் ₹10,00,000. மே மாதம் புதிய கடைகள் மூலம் ₹1,20,000 வந்தது. பழைய கடைகள் கூடுதல் கணினிகளுக்கு வாங்கியதில் ₹60,000 ஏறியது. சில கடைகள் கணினிகளைக் குறைத்ததில் ₹30,000 இறங்கியது. விட்டுப் போன கடைகளால் ₹1,00,000 போனது. மே முடிவில் ₹10,50,000.

பக்கத்திலேயே இன்னொரு நிறுவனம். அதே தொழில், அதே விலை, ஏப்ரல் முடிவில் அதே ₹10,00,000. மே மாதம் அதற்குப் புதிய வருவாய் ₹60,000தான். விரிவு ₹30,000, சுருக்கம் ₹10,000, இழப்பு ₹30,000. அதுவும் மே முடிவில் ₹10,50,000.

இரண்டு முதலாளிகளும் கூட்டத்தில் எழுந்து நின்று “இந்த மாதம் ஐந்து சதவீத வளர்ச்சி” என்று சொல்லலாம். இருவர் சொல்வதும் உண்மைதான். விற்பனைப் பிரிவைக் கேட்டால் முதல் நிறுவனமே மேல் என்பார்கள், புதிய வருவாயை இருமடங்கு கொண்டுவந்திருக்கிறதே! ஆனால் இரண்டு நிறுவனங்களும் போகும் இடம் வேறு வேறு.

காரணம் இது. புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவருவது விற்பனை ஆட்களின் எண்ணிக்கையையும் விளம்பரச் செலவையும் பொறுத்தது. அது மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இழப்போ இருக்கும் வாடிக்கையாளர் கூட்டத்தின் ஒரு பங்கு. கூட்டம் பெருகப் பெருக அதுவும் பெருகும். முதல் நிறுவனம் மாதம் பத்து சதவீதத்தை இழப்பிலும் மூன்று சதவீதத்தைச் சுருக்கத்திலும் விட்டு, ஆறு சதவீதத்தை விரிவில் திரும்பப் பிடிக்கிறது. ஆக, பழைய கூட்டத்திலிருந்து மாதம் ஏழு சதவீதம் கரைகிறது. தொடர் வருவாய் ₹17 லட்சத்தைத் தாண்டும்போது அந்த ஏழு சதவீதம் ₹1,20,000 ஆகிவிடும். புதிதாக வருவதும் அதே ₹1,20,000. அதோடு வளர்ச்சி நின்றுவிடும். இரண்டாவது நிறுவனத்தில் கரைவது மாதம் ஒரு சதவீதம் மட்டும். அது கொண்டுவரும் ₹60,000-க்குக் கரைவு சமமாக, தொடர் வருவாய் ₹60 லட்சத்தை எட்ட வேண்டும்.

இதே விகிதங்கள் தொடர்ந்தால், ஓராண்டு முடிவில் முதல் நிறுவனம் சுமார் ₹14.2 லட்சத்திலும் இரண்டாவது சுமார் ₹15.7 லட்சத்திலும் இருக்கும். வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மூன்றாண்டு முடிவிலோ முதலாவது ₹16.6 லட்சத்தில் தேங்கி நிற்க, இரண்டாவது ₹25 லட்சத்தைத் தாண்டியிருக்கும். மே மாதமே நான்கு பட்டைகளையும் வரைந்து பார்த்திருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். நிகர எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, விற்பனை ஆட்களைத் திட்டித் தீர்த்த இரண்டாம் ஆண்டில்தான் தெரியவரும்.

சென்னையில் 2010-இல் தொடங்கி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் இதற்கு நல்ல உதாரணம். பங்கு வெளியீட்டுக்கு முன் அது தாக்கல் செய்த ஆவணத்தில் 118 சதவீதம் என்ற எண் ஒன்று இருந்தது. ஓராண்டுக்கு முன் இருந்த வாடிக்கையாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்று அவர்கள் தந்த 100 டாலருக்கு இன்று எவ்வளவு தருகிறார்கள் என்று பார்க்கும் கணக்கு அது. இடையில் விட்டுப் போனவர்களையும் குறைத்துக்கொண்டவர்களையும் கழித்த பிறகும் 118 டாலர் வந்தது. அதாவது புதிய வாடிக்கையாளர் ஒருவர்கூட வராவிட்டாலும் அந்த ஆண்டு வருவாய் ஏறியிருக்கும். விரிவுப் பட்டை, சுருக்கத்தையும் இழப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண் 110-க்குக் கீழே இறங்கியது. இதைப் புரிந்துகொள்ள அந்தத் தொழிலின் விலை முறையைப் பார்க்க வேண்டும். ஃப்ரெஷ்டெஸ்க் போன்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள்களுக்கு, அதில் உட்கார்ந்து வேலை செய்யும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று மாதக் கட்டணம். வாங்கிய நிறுவனம் ஆள் எடுத்தால் சந்தா தானாக ஏறும். ஆள் குறைத்தால், புதிதாக எடுப்பதை நிறுத்தினால், விரிவு சுருங்கிப்போகும். மென்பொருளில் குறையே இல்லாவிட்டாலும் இது நடக்கும். அப்படிப்பட்ட தொழிலில் விரிவையும் சுருக்கத்தையும் தனித்தனியாகப் பார்ப்பவர், தன் வாடிக்கையாளர்களின் ஊரில் வேலைவாய்ப்பு எப்படியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்.

இந்த நான்கு பட்டைகளை உண்மையில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பலர் நினைப்பதுபோல பில் புத்தகத்தைப் பார்த்து இல்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாதத் தொடக்கத்தில் எவ்வளவு, மாத முடிவில் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் மட்டும் போதும். மதுரை நிறுவனத்தின் ஐந்து கடைகளை எடுத்துக்கொள்ளலாம். முதல் கடை ஏப்ரலில் இல்லை, மே முடிவில் ₹2,000. மொத்தமும் புதிய வருவாய். இரண்டாவது ₹3,000-லிருந்து ₹5,000 ஆனது; விரிவு ₹2,000. மூன்றாவது ₹4,000-லிருந்து ₹3,000-க்கு இறங்கியது, சுருக்கம் ₹1,000. நான்காவது ₹2,000 தந்துகொண்டிருந்தது, இப்போது இல்லை, இழப்பு ₹2,000. ஐந்தாவது கடைக்காரர் 10-ஆம் தேதி ஒரு கணினி சேர்த்து 25-ஆம் தேதி எடுத்துவிட்டார். அவர் கணக்கு ₹3,000-இல் தொடங்கி ₹3,000-இல் முடிகிறது, ஆகவே எந்தப் பட்டையிலும் அவர் வர மாட்டார். தொடக்கத்தில் ₹12,000, முடிவில் ₹13,000. நான்கு பிரிவுகளையும் கூட்டிக் கழித்தால் அதே ₹1,000 வித்தியாசம் வருகிறது.

எக்ஸெல் தாளில் B பத்தியில் தொடக்கத் தொகை, C பத்தியில் முடிவுத் தொகை இருந்தால், எந்தப் பிரிவு என்பதை இந்த ஒரு சூத்திரம் சொல்லிவிடும்:

```
=IF(B2=C2,"மாற்றமில்லை",
 IF(B2=0,"புதியது",
 IF(C2=0,"இழப்பு",
 IF(C2>B2,"விரிவு","சுருக்கம்"))))
```

பக்கத்துப் பத்தியில் C-யிலிருந்து B-யைக் கழித்து, பிரிவுவாரியாகக் கூட்டினால் நான்கு எண்களும் வந்துவிடும். எக்ஸெல் 2016 முதல் வாட்டர்ஃபால் சார்ட் அதிலேயே இருக்கிறது. அதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடைசிப் பட்டை தரையிலிருந்து எழ வேண்டும் என்பது எக்ஸெலுக்குத் தானாகத் தெரியாது. ₹10.5 லட்சத்தை அது இன்னொரு கூடுதலாக எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் உயரத்தின்மேல் அடுக்கி ₹21 லட்சம் வரை கொண்டுபோய்விடும். அந்தப் பட்டையைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து `Set as total` கொடுத்தால் சரியாகிவிடும்.

வரைவது அவ்வளவுதான். கடினம் முழுக்க அந்த B, C பத்திகளில் என்ன எண் போடுவது என்பதில் இருக்கிறது.

ஒரு கடைக்காரர் ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டுகிறார். ₹24,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ₹4,320. வங்கியில் விழுவது ₹28,320. தொடர் வருவாயில் சேர வேண்டியது மாதம் ₹2,000 மட்டும். வரி அரசாங்கத்தின் பணம். ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்தே எழுத வேண்டும். மென்பொருளை நிறுவித் தந்ததற்கும் பயிற்சிக்கும் வாங்கிய தொகை ஒருமுறைதான் வரும் என்பதால் அதுவும் இதில் சேராது. இதைக் கவனிக்காத நிறுவனத்தின் வரைபடத்தில், ஆண்டுச் சந்தாக்கள் வரும் மாதம் ஏற்றம் வானத்தைத் தொடும். அடுத்த மாதமே அதே அளவு இறக்கம் வரும். ஒரே வாடிக்கையாளர் அடுத்தடுத்த மாதங்களில் ஏறி இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

தள்ளுபடி இன்னும் நுணுக்கமானது. முதல் மூன்று மாதம் பாதி விலை என்று சொல்லி ₹2,000 சந்தாவை ₹1,000-க்குக் கொடுத்தார்கள். நான்காம் மாதம் தள்ளுபடி முடிந்து ₹2,000 ஆகும்போது, சூத்திரம் அதை விரிவு என்று எழுதிவிடும். கடைக்காரர் ஒரு கணினிகூடக் கூடுதலாக வாங்கவில்லை. ஜனவரியில் தள்ளுபடி மேளா நடத்திய நிறுவனத்துக்கு ஏப்ரலில் “விரிவு” பிரமாதமாகத் தெரியும், வாடிக்கையாளர்கள் நம் மென்பொருளை மிக விரும்புகிறார்கள் என்று முடிவெடுத்துவிடுவார்கள். தள்ளுபடி முடிந்ததால் வந்ததையும், விலையேற்றத்தால் வந்ததையும், உண்மையில் கூடுதலாக வாங்கியதால் வந்ததையும் விரிவுக்குள்ளேயே மூன்றாகப் பிரித்து வைப்பதே நேர்மையான கணக்கு.

டாலரில் பில் போட்டு ரூபாயில் கணக்கு வைக்கும் நிறுவனங்களுக்கும் இதே கண்ணி உண்டு. மாதம் 100 டாலர் தரும் வாடிக்கையாளர் அப்படியே இருக்க, டாலர் 83 ரூபாயிலிருந்து 85 ஆனால் ₹200 விரிவு தோன்றும். ஆண்டு முழுக்க ஒரே மாற்று விகிதத்தை வைத்துக் கணக்கிட்டு, நாணய வித்தியாசத்துக்குத் தனியாக ஐந்தாவது பட்டை ஒன்றை வரைந்துவிடுவது வழக்கம்.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது, வாடிக்கையாளர் என்றால் யார் என்ற கேள்வி. எட்டுக் கிளைகள் உள்ள ஒரு மருந்துக் கடைக் குழுமம் மூன்று கிளைகளை மூடுகிறது. குழுமம் ஒரே வாடிக்கையாளர் என்றால் அது சுருக்கம். ஒவ்வொரு கிளையும் தனி வாடிக்கையாளராகப் பதிவாகியிருந்தால் மூன்று இழப்புகள். தொகை ஒன்றுதான், செய்தி வேறு. இழப்பு என்றால் நம் மென்பொருளை வேண்டாம் என்று சொன்னவர்களைத் தேடிப் போவோம். இங்கே அப்படி யாரும் சொல்லவே இல்லை.

இதைச் சரிசெய்ய நம் நாட்டில் நல்ல சாவி ஒன்று கையிலேயே இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். கம்பத்தில் ஒரு கிளையும் குமுளியில் ஒரு கிளையும் வைத்திருப்பவருக்கு இரண்டு ஜிஎஸ்டி எண்கள் இருக்கும், நடுவில் உள்ள பத்து எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும். அந்தப் பத்தை வைத்து வாடிக்கையாளர்களைச் சேர்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அதே சாவி இன்னொரு கோளாறையும் காட்டிக்கொடுக்கும். பழைய சந்தாவை ரத்து செய்துவிட்டு, அதே கடைக்குப் புதிய பதிவு போட்டுப் புதிய திட்டத்தைக் கொடுப்பது பல அலுவலகங்களில் நடக்கிறது. சிலர் வசதிக்காகச் செய்கிறார்கள். புதிய வாடிக்கையாளருக்குத் தனி ஊக்கத்தொகை இருக்கும் இடங்களில் அதற்காகவும் செய்கிறார்கள். ₹2,000 தந்த கடை ₹2,500 திட்டத்துக்கு மாறினால் உண்மையில் விரிவு ₹500. வரைபடத்திலோ இழப்பு ₹2,000, புதியது ₹2,500. நிகரத் தொகை மாறாததால் கணக்காளர் கண்ணில் படாது. ஒரே மாதத்தில் புதியதும் இழப்பும் சேர்ந்து வீங்கினால், அந்த இரண்டு பட்டியல்களையும் பான் எண் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வரும் பெயர்களை எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவதே உண்மையான இழப்பு.

போனவர் திரும்பி வந்தாலும் இப்படித்தான். இரண்டு மாதம் இடைவெளி விட்டு வந்தவரைப் புதியவர் என்று எழுதினால் விற்பனைப் பிரிவுக்குச் சேராத பெருமை சேர்கிறது. ‘திரும்பியவர்’ என்று ஒரு தனிப் பிரிவு வைத்தால் போதும்.

இழப்பு எந்தத் தேதியில் நடந்தது என்பதிலும் நிறுவனம் முதலிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொன்ன நாளா, கட்டிய பணம் தீர்ந்த நாளா? எதை எடுத்தாலும் சரி, மாதத்துக்கு ஒன்றாக மாற்றக் கூடாது. சொல்லாமலேயே நின்றுபோகிறவர்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கலாகும். 2021 அக்டோபர் 1 முதல், அட்டைகளிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய அனுமதிகள் செல்லாமல் போயின; ₹5,000-க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவைப்பட்டது. அந்த வரம்பு 2022 ஜூனில்தான் ₹15,000 ஆக உயர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில் இந்தியாவில் சந்தாத் தொழில் நடத்திய பலருக்கும் பணம் வராமல் நின்ற கணக்குகள் குவிந்தன. அந்த வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் சேவையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களுடைய வங்கி பணத்தை விடவில்லை.

அப்படிப்பட்டவர்களைப் பணம் தவறிய அன்றே இழப்பில் எழுதினால், இருபது நாளில் அவர்கள் யுபிஐ வழியாகக் கட்டும்போது திரும்பியவராகவோ புதியவராகவோ மறுபடி ஏற்ற வேண்டிவரும். இரண்டு பட்டைகளும் பொய்யாகும். ஆகவே 30 நாள் போல ஒரு தவணை வைத்து, அதற்குள் வராவிட்டால் மட்டும் இழப்பில் சேர்ப்பார்கள். இழப்புக்குள்ளும் விரும்பிப் போனவர், பணம் தவறியதால் போனவர் என்று இரண்டு நிறங்கள் காட்டுவார்கள். முதல் நிறத்துக்கு மென்பொருளைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்கு ஒரு வாட்ஸ்அப் நினைவூட்டலும் பணம் கட்டும் இணைப்புமே பல நேரம் போதும்.

கணக்கு சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. தொடக்கத் தொகையோடு எல்லாப் பட்டைகளையும் கூட்டிக் கழித்தால் முடிவுத் தொகை ஒரு ரூபாய் பிசகாமல் வர வேண்டும். போன மாத வரைபடத்தின் கடைசிப் பட்டையும் இந்த மாதத்தின் முதல் பட்டையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது சோதனை தோற்றால், மூடிய மாதத்தில் யாரோ பின்தேதியிட்டுக் கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய மாதத்தைத் திருத்தாமல், திருத்தத்தை இந்த மாதத்தில் காரணத்தோடு எழுதுவதே நல்லது.

சந்தாத் தொழிலில் இறங்கியிருப்பவர்களும் இறங்கப்போகிறவர்களும் ஒன்றை மட்டும் இந்த மாதமே தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு மாதமும் கடைசி நாள் இரவு, வாடிக்கையாளர் வாரியான சந்தாத் தொகைப் பட்டியலை அப்படியே தனிக் கோப்பாக எடுத்து, தேதி போட்டுப் பூட்டி வையுங்கள். சொந்தமாக எழுதிய பில்லிங் மென்பொருள்கள் பல, ஒருவர் திட்டம் மாறியதும் பழைய தொகையை அழித்து அதன்மேல் புதியதை எழுதிவிடும். அந்தப் பட்டியல் இல்லாமல் போனால், கடந்துபோன மாதத்தின் நான்கு பட்டைகளைப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் திரும்பக் கட்டி எழுப்ப முடியாது.